நேசமணிக்கு என்ன ஆச்சு? சீரியஸான ஹேஷ்டேக் கேலியாக மாறுவதைக் கண்டுபிடிப்பது எப்படி?

டிரெண்டிங் பட்டியலில் யாரோ ஒருவருக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லி ஒரு ஹேஷ்டேக். அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோதும், 2014இல் MH370 விமானம் காணாமல் போனபோதும் உலகம் முழுவதும் #PrayFor என்று தொடங்கும் டேக்குகள் பரவின. அந்த இரண்டு சொற்களைப் பார்த்தாலே மனம் துக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. கேலி செய்பவர்களுக்கு வசதியாக இருப்பதும் அதுதான்.

இதற்கு நம்ம ஆட்கள் நடத்திய ஒரு கூத்தே நல்ல உதாரணம்.

சுத்தியலில் தொடங்கிய கதை

2019 மே மாத இறுதி. கட்டுமானப் பொறியியல் பற்றிய ஒரு ஃபேஸ்புக் பக்கம், சுத்தியல் படத்தைப் போட்டு, "உங்கள் ஊரில் இதை எப்படி அழைப்பீர்கள்?" என்று கேட்டது.

ஒரு தமிழ் இளைஞர் பதில் எழுதினார். இதன் பெயர் சுத்தியல், அடித்தால் 'டங் டங்' என்று சத்தம் வரும், பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை ஜமீன் அரண்மனையில் உடைத்தது இதுதான், பாவம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். 2001இல் வெளியான 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம்தான் நேசமணி. அந்தப் படத்தில் மேலிருந்து சுத்தியல் தவறி அவர் தலையில் விழும்.

அந்தப் பதிலுக்குக் கீழே இன்னொருவர், இப்போது அவர் நலமா என்று அக்கறையோடு விசாரித்தார். அவ்வளவுதான். விளையாட்டு ட்விட்டருக்குத் தாவியது. #Pray_for_Neasamani என்ற டேக் உருவானது. நேசமணியின் உடல்நிலை பற்றி மருத்துவமனை அறிக்கை பாணியில் பதிவுகள் குவிந்தன.

மே 30ஆம் தேதி இந்தியப் பிரதமராக நரேந்திர மோடி இரண்டாம் முறை பதவியேற்றார். அதே நாளில் கிரிக்கெட் உலகக் கிண்ணப் போட்டியும் தொடங்கியது. ஆனால் டிரெண்டிங்கில் கலக்கியவர் நேசமணிதான். தமிழ் தெரியாதவர்கள், "யார் இந்த நேசமணி? அவருக்கு என்ன நடந்தது?" என்று உண்மையாகவே கேட்கத் தொடங்கினார்கள்.

கேட்டால் டேக் இன்னும் ஏறும்!

அந்தக் கேள்விகளும் டேக்கை மேலே தள்ளின. டிரெண்டிங் பட்டியல், ஒரு சொல் குறுகிய நேரத்தில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைக் கவனிக்கிறது. அழுகிறவர், சிரிக்கிறவர், "என்ன இது பைத்தியக்காரத்தனம்!" என்று திட்டுகிறவர் எல்லாரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அதனால் ஒரு டேக் பட்டியலில் இருப்பதை வைத்து, அதற்குள் இருப்பது துக்கமா கேலியா என்று சொல்ல முடியாது.

டேக்கின் எழுத்தைக் கவனித்தீர்களா? Neasamani என்று ஒரு 'a' கூடுதலாக இருக்கிறது. ஒரு டேக் பரிந்துரைப் பட்டியலில் வந்துவிட்டால், பலர் அதை எழுதுவதில்லை, தட்டிவிட்டுப் போகிறார்கள். பிழையும் கூடவே ஊர்வலம் போகிறது.

திருப்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், பழைய பதிவுகளைத் தேடுங்கள். எக்ஸ் தளத்தின் தேடல் பெட்டியில் டேக்குடன் தேதியையும் சேர்க்கலாம்:

```
#Pray_for_Neasamani until:2019-05-30
```

இப்படித் தேடினால் அந்தத் தேதிக்கு முந்தைய பதிவுகள் மட்டும் வரும். உண்மையான விபத்து என்றால் தொடக்கப் பதிவுகளில் ஊர், நேரம், நேரில் பார்த்தவர் சொன்னது என ஏதாவது இருக்கும். நேசமணியைத் தேடிப் போனால் கடைசியில் ஒரு சுத்தியல் படத்தில்தான் போய் நிற்பீர்கள்.

அடுத்து, விவரங்கள் எப்படி வளர்கின்றன என்று பாருங்கள். உண்மைச் செய்தியில் விவரம் மெதுவாக வரும், முன்பு சொன்னது திருத்தப்படும், "இன்னும் உறுதியாகவில்லை" என்ற பேச்சு இருக்கும். கேலியில் யாரும் எதையும் திருத்துவதில்லை. ஒருவர் சொன்னதற்கு மேல் இன்னொருவர் அடுக்கிக்கொண்டே போவார். நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலில் தொடங்கிய கதை மருத்துவமனை, நலம் விசாரிப்பு, பிரார்த்தனை என்று நீண்டது அப்படித்தான்.

மூன்றாவதாக, அந்தப் பண்பாட்டுக்குள் இருப்பவர்களின் பதில்களைப் படியுங்கள். உள்குத்து அவர்களுக்குத்தான் புரியும். நேசமணி விஷயத்தில் தமிழர்கள் சிரித்தார்கள், மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் ஒரு டேக் வந்தால், கவலைப்படும் வெளியாளின் இடத்தில் நீங்கள் இருக்கலாம்.

வேண்டுமென்றே திருப்புவதும் உண்டு

நேசமணி டேக் பிறந்ததே கேலிக்காகத்தான். ஏற்கெனவே இருக்கும் டேக்கைக் கைப்பற்றுவது வேறு வகை. 2020 ஜூன் மாதம், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதைக் கண்டித்துப் போராட்டங்கள் நடந்த சமயம். அவற்றுக்கு எதிராக #WhiteLivesMatter என்ற டேக் பரவியது. கே-பாப் ரசிகர்கள் அதற்குள் புகுந்து, தங்கள் பாடகர்கள் ஆடும் குட்டி வீடியோக்களைக் கொட்டினார்கள். கடைசியில் ட்விட்டரே அந்த டேக்கைக் கே-பாப் பிரிவில் காட்டியது!

இங்கே திருப்பம் சுலபமாகத் தெரியும். டேக் ஒன்று சொல்கிறது, படமும் வீடியோவும் வேறொன்றைச் சொல்கின்றன. "டாப்" பகுதியை மட்டும் பார்க்காமல், "லேட்டஸ்ட்" பகுதிக்குப் போய் அண்மைய இருபது பதிவுகளை உருட்டிப் பாருங்கள். டேக் இப்போது யார் கையில் இருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

சிரிப்பு எங்கே ஆபத்தாகிறது?

அதே உத்தி ஆபத்து நேரத்து டேக்கில் நடந்தால் யாருக்கும் சிரிப்பு வராது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வந்தபோது, #daruratbanjir என்ற டேக்கில் மக்கள் உதவி கேட்டும் தகவல் பகிர்ந்தும் எழுதினார்கள். அப்படிப்பட்ட டேக்கில் மீம் போட்டால், கூரைமேல் உட்கார்ந்திருப்பவரின் முகவரி அதற்குக் கீழே புதைந்துபோகும். "அனைவருக்கும் பிரார்த்தனை" என்ற நல்ல மனசுப் பதிவும் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. ஆறுதல் சொல்ல விரும்பினால் டேக் இல்லாமல் சொல்லுங்கள்.

மேலே சொன்ன அடையாளங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. பேரிடர் நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் உண்மைச் செய்தியிலும் ஊர், பெயர் எதுவும் தெளிவாக இருக்காது. விவரம் இல்லை என்பதற்காக "சும்மா கேலிதான்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மலேசியாவில் தீயணைப்பு மீட்புப் படை அல்லது காவல்துறையின் பக்கத்தையும், சிங்கப்பூரில் குடிமைத் தற்காப்புப் படையின் பக்கத்தையும் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். அதுவரை டேக்கைத் தொடாதீர்கள், நகைச்சுவைக்கும் சரி, விசாரிப்பதற்கும் சரி.

நேசமணி திரைப்படத்தில் மட்டும் அடிபட்டவர் என்பதால் அன்று எல்லாரும் நிம்மதியாகச் சிரிக்க முடிந்தது. டேக்கில் இருக்கும் பெயர் நிஜ மனிதருடையதா என்பதை முதலில் பாருங்கள். சிரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.