பணிப்பூட்டு: ஒரே வேலை இருவர் கைக்குப் போகாமல் தடுக்கும் முறை

பணிப்பூட்டு என்பது, பலரும் பொதுவில் எடுத்துச் செய்யும் வேலைகளின் வரிசையிலிருந்து ஒருவர் ஒரு வேலையைத் தன் பெயரில் பிடித்துக்கொள்வதும், அவர் அதை முடிக்கும்வரை அல்லது விடும்வரை மற்றவர்களுக்கு அது கிடைக்காமல் வைப்பதும் ஆகும். கேட்பதற்கு எளிதான ஏற்பாடு. ஒரு பெயரை எழுதிவைப்பதுதானே பூட்டு என்று தோன்றும். ஆனால் இரட்டை ஒதுக்கீட்டைத் தடுப்பது பெயர் அல்ல. ‘இது காலியா’ என்று பார்ப்பதும் ‘இனி இது என்னுடையது’ என்று எழுதுவதும் இடையில் யாரும் நுழைய முடியாத ஒரே செயலாக நடப்பதுதான் தடுக்கிறது. அப்படிப் பிடித்த பூட்டுக்கும் ஆயுள் உண்டு. அது காலாவதியாகும் கணத்தில் பழைய ஆபத்து வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. இந்த இரண்டு இடங்களையும் தெளிவாகப் பார்க்க, தன்னார்வலர்கள் உலகெங்கும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் பணி நடைமுறை மிகப் பொருத்தமானது.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்தியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும் வரைய நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். யார் எந்த இடத்தில் வரைகிறார் என்று காட்டும் இன்றைய கருவி அப்போது இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஹாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு உருவாக்கியதே டாஸ்கிங் மேனேஜர். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தின்போது பல்லாயிரம் கைகளின் வேலையை அது பங்கிட்டது. வரைய வேண்டிய நிலப்பரப்பை அது சதுரங்களாக வெட்டும். ஒவ்வொரு சதுரமும் ஒரு பணி. வரைபவர் ஒரு சதுரத்தைத் தேர்ந்து பூட்டுவார், வரைவார், முடிந்தது என்று குறிப்பார். பிறகு வேறொருவர் அதே சதுரத்தைச் சரிபார்ப்புக்காகப் பூட்டி, வரைந்ததை ஏற்பார் அல்லது திருப்பி அனுப்புவார். வரைபவர் ஒரு நேரத்தில் ஒரு சதுரத்தைத்தான் பூட்டி வைத்திருக்க முடியும். முடிக்காமல் விட்ட பூட்டு இயல்பான அமைப்பில் இரண்டு மணி நேரத்தில் தானாகத் திறந்துவிடும்.

பூட்டு இல்லாவிட்டால் என்ன கெடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையைக் கடந்ததும் வருவது பாலாறு. அதைச் சுற்றியுள்ள மலைக் குடியிருப்புகளின் வீடுகளை வரைய ஒரு திட்டம் தொடங்கியதாகவும், அதில் 212ஆம் சதுரத்தில் முப்பது வீடுகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இருவர் அதே சதுரத்தை ஒரே காலையில் திறந்து, ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமல் வரைந்து பதிவேற்றினால், வரைபடத்தில் அறுபது வீடுகள் இருக்கும். ஒவ்வொரு கூரையின் மேலும் சற்றே விலகிய இன்னொரு கூரை. வீட்டு எண்ணிக்கையிலிருந்து மக்கள்தொகையை மதிப்பிட்டுத் தடுப்பூசியோ நிவாரணப் பொருளோ ஒதுக்குபவருக்கு அந்த ஊர் இரு மடங்காகத் தெரியும். வீணான உழைப்பைவிட இந்தத் தவறான எண்ணிக்கைதான் பெரிய கேடு. உழைப்பு போனது இருவருக்காவது தெரியவரும். எண்ணிக்கை தவறியது யார் கண்ணிலும் படாமலே போகலாம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழுகிறது. முன்கூட்டியே பூட்டுவானேன், சேமிக்கும் நேரத்தில் மோதலைக் கண்டுபிடித்தால் போதாதா? சில வேலைகளுக்குப் போதும். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் மெய்ப்புப் பார்க்கலாம். அங்கே பூட்டு கிடையாது. இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால், இரண்டாவதாகச் சேமிப்பவரிடம் மென்பொருள் முரண்பாட்டைக் காட்டி நிறுத்திவிடும். அவருடைய நேரம் வீணாகலாம், ஆனால் பக்கம் ஒன்றாகவே இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஒரு வரைபடத்தில் மக்கள் குறித்தபோதும், வெள்ளம் நிற்பதாக ஒரே தெருவை இருவர் சொன்னால் தெரு இரண்டாகிவிடவில்லை. இரண்டு இடங்களிலும் வேலைக்கு உரிய பொருள் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஓர் அடையாள எண் இருக்கிறது. மோதல் அந்த எண்ணில் வெளிப்படும்.

புதிதாக வரையும் வீட்டுக்கு அப்படி எண் எதுவும் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சர்வர் மோதலைக் கவனிக்காமல் இல்லை. ஏற்கெனவே உள்ள ஒரு சாலையை இருவர் மாற்றினால், பழைய பதிப்பு எண்ணோடு வரும் இரண்டாவது மாற்றத்தை அது 409 என்ற பிழை எண்ணுடன் மறுத்துவிடும். ஆனால் புதிய வீடு, வரைபவரின் கணினியில் தற்காலிகமான ஓர் எதிர்ம எண்ணோடு பிறக்கிறது. பதிவேறும்போதுதான் சர்வர் அதற்கு நிரந்தர எண் தருகிறது. இருவர் வரைந்த ஒரே வீடு இரண்டு புதிய எண்களைப் பெற்று, இரண்டு வேறு வீடுகளாக எந்த மறுப்பும் இன்றி உள்ளே போய்விடும். ஆகவே சேமிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி, இருப்பதைத் திருத்தும் வேலைக்குச் சரி. இல்லாததை உருவாக்கும் வேலைக்கு முன்பூட்டுதான் வழி. எந்த வரிசைக்குப் பூட்டு தேவை என்று முடிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பூட்டு எப்படி அமைய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. தவறான அமைப்பு இப்படி இருக்கும்: நிரல் முதலில் 212ஆம் சதுரத்தின் நிலையைப் படிக்கிறது, காலி என்று விடை வருகிறது, பிறகு ‘பூட்டப்பட்டது’ என்று எழுதுகிறது. படித்ததற்கும் எழுதியதற்கும் இடையே நொடியில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும், அந்த இடைவெளியில் இன்னொருவருக்கும் காலி என்றே விடை போய்விடலாம். இருவரும் எழுதுவார்கள், இருவருக்கும் வெற்றி என்றே திரை காட்டும். பின்னால் எழுதியவர் பெயர் முன்னவர் பெயரை அழித்திருக்கும், முன்னவருக்கோ அது தெரியாது. ஆள் குறைவான நாட்களில் இந்தப் பிழை வெளியே வராது. திட்டம் அறிவித்த முதல் மணி நேரத்தில், எல்லோரும் ஒரே வரிசையின் தலைப்பகுதியை நோக்கி வரும்போது வெளிப்படும். சரியான அமைப்பில் நிபந்தனையும் மாற்றமும் தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகப் போகின்றன:

```sql
UPDATE tasks
SET status = 'LOCKED', locked_by = 17,
    locked_at = now()
WHERE id = 212 AND status = 'READY';
```

இரண்டு பேர் ஒரே கணத்தில் இதை அனுப்பினாலும் தரவுத்தளம் அந்த வரியில் ஒருவரை முதலில் விடும், மற்றவரைக் காக்கவைக்கும். முதலாமவர் முடித்ததும் இரண்டாமவரின் நிபந்தனை மீண்டும் சோதிக்கப்படும். நிலை இப்போது காலி அல்ல என்பதால் எதுவும் மாறாது. எத்தனை வரிகள் மாறின என்று தரவுத்தளம் திருப்பிச் சொல்லும் எண்தான் தீர்ப்பு: 1 என்றால் பணி கிடைத்தது, 0 என்றால் கிடைக்கவில்லை. அந்த எண்ணைப் பார்க்காமல், பிழை வரவில்லை என்பதையே வெற்றியாகக் கொள்ளும் நிரல், கட்டளையைச் சரியாக எழுதியும் இரட்டை ஒதுக்கீட்டைச் செய்துவிடும். குறிப்பிட்ட சதுரம் வேண்டாம், காலியாக உள்ள ஏதாவது ஒன்று போதும் என்றால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பு முதல் `FOR UPDATE SKIP LOCKED` என்ற வசதி இருக்கிறது. பிறர் பிடித்திருக்கும் வரியில் காத்து நிற்காமல் அடுத்த காலி வரிக்கு அது தாவிவிடும்.

இவ்வளவு செய்தபின்னும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பூட்டியவர் திரும்பி வராவிட்டால் சதுரம் என்றென்றும் முடங்கிக் கிடக்கும். அதனால்தான் பூட்டுக்குக் காலவரம்பு வைக்கிறார்கள். அமேசானின் எஸ்கியூஎஸ் வரிசைச் சேவையும் இதே முறைதான்: எடுத்த செய்தி இயல்பாக 30 நொடிகள் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, வரம்பைப் 12 மணி நேரம் வரை நீட்டலாம். ஆனால் காலவரம்பு வந்ததும் உறுதி தளர்கிறது. முதல் வரைபவர் காலை 10 மணிக்கு 212ஐப் பூட்டுகிறார். வரைந்துகொண்டிருக்கும்போது இணையம் போய்விடுகிறது. 12 மணிக்குப் பூட்டு தானாகத் திறக்கிறது. 12.10க்கு இரண்டாமவர் அதை முறைப்படி பூட்டி வரைகிறார். 12.30க்கு முதலாமவரின் இணையம் திரும்புகிறது. தன் கணினியில் பத்திரமாக இருக்கும் முப்பது வீடுகளையும் அவர் பதிவேற்றுகிறார். எவரும் விதியை மீறவில்லை, ஆனாலும் வீடுகள் அறுபதாகும்.

இதற்குக் கணினியியலில் தெரிந்த மருந்து, ஒவ்வொரு பூட்டுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணைத் தந்து, முடித்த வேலையை ஏற்கும் இடத்தில் அந்த எண்ணைச் சரிபார்ப்பது. முதலாமவரின் பூட்டு எண் 41, இரண்டாமவருடையது 42 என்றால், 42ஐப் பார்த்துவிட்ட இடம் 41ஓடு வரும் வேலையை மறுத்துவிடும். வேலையைத் தருபவரும் ஏற்பவரும் ஒரே அமைப்பாக இருந்தால் இது முழுமையான தீர்வு. வரைபடத்தில் அப்படி இல்லை. பூட்டு இருப்பது டாஸ்கிங் மேனேஜரில், வீடுகள் போய்ச் சேருவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சர்வருக்கு. பின்னதற்கு முன்னதின் பூட்டைப் பற்றித் தெரியாது. 212ஆம் சதுரம் பூட்டியிருக்கும்போதே ஒருவர் நேரடியாக வரைபடத்தைத் திறந்து அங்கே வீடு வரையலாம், தடுக்க எதுவும் இல்லை. இந்தப் பூட்டு, மதிப்பவர்களுக்கு மட்டுமே பூட்டு. அந்த வரம்பை ஒப்புக்கொண்டுதான் அதை மதிப்பிட வேண்டும்.

அப்படியானால் காலவரம்பை நீட்டினால் என்ன என்று கேட்கலாம். நீட்டினால் தாமதமாகப் பதிவேற்றுவோரின் மோதல் குறையும், கைவிடப்பட்ட சதுரங்கள் முடங்கும் நேரம் கூடும். பேரிடர் நாட்களில் இரண்டாவது விலை பெரிது. என் மதிப்பீட்டில் நேரத்தை நீட்டுவதைவிட வேலையைச் சுருக்குவது மேல். டாஸ்கிங் மேனேஜரில் ஒரு சதுரத்தை நான்காகப் பிரிக்க முடியும். அரை மணி நேரத்தில் முடியும் சதுரத்துக்கு இரண்டு மணி நேர வரம்பு தாராளம், ஐந்து மணி நேரம் பிடிக்கும் சதுரத்துக்கு அதே வரம்பு மோதலை வரவழைக்கும். பூட்டே வேண்டாம், ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே ஆளுக்கு இத்தனை சதுரம் என்று பங்கிட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. எல்லோரும் வருவார்கள் என்று உறுதியாகத் தெரிந்த வகுப்பறைக்கு அது பொருந்தும். யார் வருவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்று தெரியாத கூட்டத்தில், வராதவரின் பங்கு வரைபடத்தில் ஓட்டையாகவே நின்றுவிடும்.

இரட்டிப்பு நடந்துவிட்டதா என்று அறிவது கடினமல்ல. ஜோஸம் என்ற வரைகருவியின் சோதனைப் பகுதி, ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கட்டடங்களைச் சுட்டிக்காட்டும். சதுரத்தின் பணி வரலாற்றில், பூட்டு தானாகத் திறந்தது என்ற குறிப்பும் சற்று நேரத்தில் வேறொருவர் பூட்டியது என்ற குறிப்பும் அடுத்தடுத்து இருந்தால், சரிபார்ப்பவர் அந்தச் சதுரத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும். வரைபவர் செய்யக்கூடியது இன்னும் எளிது. பத்து வீடுகள் வரைந்ததும் பதிவேற்றுங்கள். முடிக்க முடியாது என்று தெரிந்தால், காலவரம்புக்குக் காத்திராமல் பூட்டை நீங்களே திறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கடந்துவிட்டதென்றால், பதிவேற்றும் பொத்தானை அழுத்துமுன் அந்தச் சதுரத்தின் இப்போதைய நிலையை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.