புரதத்தைத் தேடிப்போய் ஆர்.என்.ஏ.வைக் கண்ட கதை

பாஸ்தர் நிறுவனத்தின் பிரான்சுவா ஜக்கோபும் ஜாக் மோனோவும் 1961இல் பாக்டீரியாவின் மரபணுக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை கிடைக்காதபோது, அதைச் செரிக்கும் நொதிகளை ஈ.கோலை பாக்டீரியா தயாரிப்பதில்லை. ஏதோ ஒரு பொருள் அந்த மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது என்று சொல்லி, அதற்கு ‘ஒடுக்கி’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பொருள் எதனால் ஆனது என்ற கேள்விக்கு அவர்கள் அன்று சாய்ந்த பதில் ஆர்.என்.ஏ. அந்த ஊகம் ஐந்து ஆண்டுகள்தான் தாங்கியது. 1966இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் லாக்டோஸ் ஒடுக்கியைப் பிரித்தெடுத்தபோது அது புரதமாக இருந்தது. அடுத்த ஆண்டு மார்க் டாஷ்னே பிரித்தெடுத்த லாம்டா வைரஸின் ஒடுக்கியும் புரதமே.

அதன்பின் ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு மரபணு அடங்கிக் கிடந்தால் அதை அடக்கும் புரதத்தைத் தேடு. பெரும்பாலும் அது கிடைக்கவும் செய்தது. கிடைக்காத இடங்கள் சில இருந்தன. இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அவற்றை ஒதுக்கி வைத்தார்கள். இந்த வரலாற்றின் சுவையான பகுதி அந்த ஒதுக்கப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

அவற்றுள் ஒன்று வைட்டமின் பி12. ஈ.கோலை இந்த வைட்டமினை அடிப்படைப் பொருள்களிலிருந்து தானே ஆக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. பி12 பெரிய மூலக்கூறு. செல்லின் வெளிச்சவ்வில் உள்ள சாதாரணத் துளைகளில் நுழையாது. அதற்கென்றே பிடியு-பி என்னும் புரதம் வாசலாக நிற்கிறது. உள்ளே போதிய வைட்டமின் சேர்ந்துவிட்டால் இந்த வாசல்கள் புதிதாக உருவாவது குறைந்துவிடும். குறைப்பது யார்? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் காட்னரின் குழு இந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் துரத்தியது.

வழி எளிது. கட்டுப்பாடு கெட்டுப்போன, அதாவது வைட்டமின் நிறைய இருந்தும் வாசல் கட்டுவதை நிறுத்தாத பாக்டீரியாக்களைப் பொறுக்கியெடுத்து, எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒடுக்கிப் புரதம் இருந்தால் அதன் மரபணு அங்கே சிக்கியிருக்கும். சிக்கியவை இரண்டே இடங்கள். ஒன்று, பி12ஐ அடினோசில்கோபாலமின் என்ற வடிவத்துக்கு மாற்றும் நொதியின் மரபணு. மற்றொன்று, பிடியு-பி மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.விலேயே, புரதச் செய்தி தொடங்குவதற்கு முன்னால் வரும் ஏறத்தாழ 240 எழுத்துகள் கொண்ட முன்பகுதி. ஒடுக்கியைக் காணோம். 2000இல் நோவும் காட்னரும் அடுத்த அடியை வைத்தார்கள். அடினோசில்கோபாலமின் இருந்தால் அந்தத் தூது ஆர்.என்.ஏ.வோடு ரைபோசோம் ஒட்டுவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

வேறு இடங்களிலும் இதே போக்கு தென்பட்டது. ரைபோஃப்ளேவின் (பி2) தயாரிக்கும் மரபணுக்களின் முன்பகுதியில், ஒன்றுக்கொன்று தூரத்து உறவான பாக்டீரியாக்களிலும் ஒரே மடிப்பு மாறாமல் வருவதை 1999இல் மிகயீல் கெல்ஃபாண்டின் குழு சுட்டிக்காட்டியது. தயமின் (பி1) மரபணுக்களின் முன்பகுதியிலும் மெக்சிகோ ஆய்வாளர்கள் அப்படியொரு பொதுத் துண்டைக் கண்டார்கள். புரதம் வந்து ஒட்டும் இடம் என்றால் சில எழுத்துகள் மாறாமல் இருந்தாலே போதும். இவ்வளவு நீளமான சிக்கலான மடிப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் வருகிறது என்றால், அந்த மடிப்புக்கே ஏதோ வேலை இருந்திருக்க வேண்டும்.

இதை நேரடியாகச் சோதித்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பிரேக்கர். அவர் ஏற்கெனவே சிறு மூலக்கூறுகளை அடையாளம் காணும் ஆர்.என்.ஏ.க்களைச் சோதனைக்குழாயில் செயற்கையாக உருவாக்கிப் பழகியவர். ஆர்.என்.ஏ. ஒரு வைட்டமினைப் பிடிக்கும் என்பது மற்றவர்களுக்கு வியப்பு. அவருக்கோ இயற்கை இதைச் செய்யாமல் விட்டிருந்தால்தான் வியப்பு.

அவர் குழு பயன்படுத்திய சோதனை ஆர்.என்.ஏ.வின் ஒரு பலவீனத்தை நம்பியிருக்கிறது. ஆர்.என்.ஏ. இழை யாரும் வெட்டாமலே மெல்ல மெல்லத் தானாக அறுபடும். இழையின் தளர்வான இடங்கள் எளிதில் அறும்; இறுக மடிந்த இடங்கள் அவ்வளவு எளிதில் அறுவதில்லை. ஆகவே இழையின் ஒரு முனையில் கதிரியக்கப் பாஸ்பரஸைக் குறியாக வைத்து, மக்னீசியம் கலந்த கரைசலில் ஏறக்குறைய 40 மணி நேரம் விட்டுவிட்டு, உடைந்த துண்டுகளை ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்தால், எந்தெந்த இடம் தளர்வு என்பது பட்டைகளாகத் தெரியும். அடுத்த குழாயில் அதே ஆர்.என்.ஏ.வோடு வைட்டமினையும் சேர்க்க வேண்டும். சில பட்டைகள் மங்கினால், வைட்டமின் வந்து சேர்ந்ததால் அந்த இடங்கள் இறுகிவிட்டன என்று பொருள். வைட்டமினைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், மாற்றம் பாதியளவு நிகழும் செறிவைக் குறித்தால் பிடிப்பின் வலிமையும் கிடைத்துவிடும். பி12 விஷயத்தில் அது 300 நானோமோலார் அளவில் இருந்தது. குழாயில் புரதம் எதுவும் இல்லை என்பதுதான் முக்கியம்.

பிடித்தால் மட்டும் போதுமா? சோதனைக்குழாயில் ஒட்டும் எத்தனையோ பொருள்கள் செல்லுக்குள் எந்த வேலையும் செய்வதில்லை. அதனால் மடிப்பின் ஒரு தண்டைக் குலைக்கும்படி ஓர் எழுத்தை மாற்றினார்கள். பிடிப்பும் போனது, உயிருள்ள செல்லில் கட்டுப்பாடும் போனது. எதிர்ப்பக்க எழுத்தையும் இணையாக மாற்றித் தண்டைச் சரிசெய்தபோது இரண்டும் திரும்பி வந்தன. ஆக, எழுத்தைவிட வடிவமே முக்கியம் என்றாயிற்று. 2002 செப்டம்பரில் பி12 பற்றிய கட்டுரை வந்தது. அக்டோபரில் தயமின் பற்றியது. அதே ஆண்டில் நியூயார்க்கின் எவ்ஜெனி நுட்லர் குழுவும் தனி வழியில் இதே முடிவுக்கு வந்தது. பேசில்லஸ் சப்டிலிஸின் மரபணுக்களை, தூய்மைப்படுத்திய ஆர்.என்.ஏ. பாலிமரேஸை மட்டும் வைத்து அவர்கள் குழாயில் படியெடுத்தார்கள். வைட்டமினின் செயல்வடிவத்தைச் சேர்த்ததும் படியெடுப்பு பாதியிலேயே நின்றுபோனது. இத்தகைய ஆர்.என்.ஏ. பகுதிகள் ‘ரைபோஸ்விட்ச்’ என்ற பெயரில் அறியப்பட்டன.

இரண்டு பாக்டீரியாக்களும் ஒரே கருவியை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துவது கவனிக்கத்தக்கது. தயமின் பைரோபாஸ்பேட் ஒட்டியதும் ஈ.கோலையின் ஆர்.என்.ஏ. வேறு விதமாக மடிந்து, ரைபோசோம் வந்து உட்காரும் இடத்தை உள்ளே மறைத்துக்கொள்கிறது. பேசில்லஸிலோ, கொண்டை ஊசி வடிவத் தண்டு ஒன்று உருவாகி, பாலிமரேஸை வழியிலேயே இறக்கிவிடுகிறது. முதலாவதில் செய்தி முழுதாக எழுதப்படுகிறது, வாசிக்கப்படுவதில்லை. இரண்டாவதில் செய்தி எழுதி முடிக்கப்படுவதே இல்லை.

வேதியியலாளர்களுக்கு ஒரு நெருடல் இருந்தது. தயமின் பைரோபாஸ்பேட்டின் வாலில் எதிர்மின்னேற்றம், ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பிலும் எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ள வேண்டியவை எப்படிச் சேர்கின்றன? 2006இல் வந்த படிக அமைப்புகள் விடை தந்தன: மக்னீசியம் அயனிகள் நடுவில் நின்று இரண்டையும் இணைக்கின்றன. மூலக்கூறின் தலையையும் வாலையும் இறுகப் பிடிக்கும் ஆர்.என்.ஏ., நடுவில் உள்ள வளையத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பைரிதயமின் என்ற பழைய நச்சுப்பொருள் தயமினிலிருந்து வேறுபடுவது அந்த நடுவளையத்தில்தான். செல்லுக்குள் அதன் பைரோபாஸ்பேட் வடிவம் ரைபோஸ்விட்சை ஏமாற்றிவிடுகிறது. வைட்டமின் நிறைய இருப்பதாக எண்ணிப் பாக்டீரியா தயாரிப்பை நிறுத்திக்கொள்கிறது. இந்த நஞ்சைத் தாங்கி வளரும் பாக்டீரியாக்களில் ரைபோஸ்விட்சிலேயே பிறழ்வுகள் காணப்பட்டன. ஒடுக்கிப் புரதத்தை எதிர்பார்த்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

ஆனால் பேசில்லஸ் முறைக்கு ஒரு வரம்பு உண்டு. பாலிமரேஸ் நிற்பதில்லை, நொடிக்குப் பல பத்து எழுத்துகள் என்ற வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வைட்டமினைப் பிடிக்கும் பகுதி எழுதி முடிந்ததற்கும், நிற்பதா தொடர்வதா என்ற இடம் வருவதற்கும் இடையே சில நொடிகளே அவகாசம். அதற்குள் மூலக்கூறு வந்து ஒட்டாவிட்டால் வாய்ப்புப் போய்விடும். ரைபோஃப்ளேவின் ரைபோஸ்விட்சை 2005இல் விக்கிசரும் பிரேக்கரும் பிறரும் அளந்தபோது, பிடிப்பின் வலிமையை வைத்துக் கணக்கிட்டதைவிட மிக அதிகச் செறிவு தேவைப்பட்டது. இங்கே முடிவைத் தீர்மானிப்பது சமநிலை அல்ல, வேகம். படியெடுக்கும்போது பாலிமரேஸ் இடையிடையே தயங்கி நிற்கும் இடங்கள் இந்த அவகாசத்தை நீட்டிக்கொடுக்கின்றன. குழாயில் அளந்த எண்ணை அப்படியே செல்லுக்குப் பொருத்தினால் தவறிப்போவது இங்கேதான்.

ஒதுக்கப்பட்ட இன்னொரு புதிர் இரும்பைச் சார்ந்தது. ஈ.கோலையில் ஃபர் என்ற புரதம் இரும்போடு சேர்ந்து, இரும்பை உள்ளே இழுக்கும் மரபணுக்களை ஒடுக்குகிறது. முறையான, பாடப்புத்தக ஒடுக்கி. ஆனால் இரும்பை வைத்துச் செயல்படும் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் மரபணுவுக்கு இதே ஃபர் ஊக்கியாக நடந்துகொண்டது. ஃபர் இல்லாவிட்டால் அந்த நொதி குறைந்தது. ஒடுக்குவதையே தொழிலாகக் கொண்ட புரதம் இங்கே எப்படி ஊக்குகிறது என்று நேரடியாக விளக்க முடியவில்லை.

இதை அவிழ்க்கும் சாவி அப்போதே இலக்கியத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. மிஸுனோ, சௌ, இனோயே ஆகியோர் 1984இல் மிக்-எஃப் என்ற சிறு ஆர்.என்.ஏ.வைக் கண்டிருந்தார்கள். தன் எழுத்துகளை வெளிச்சவ்வுப் புரதம் ஒன்றின் தூது ஆர்.என்.ஏ.வோடு இணைத்து, அது வாசிக்கப்படாமல் தடுப்பது அதன் வேலை. நெடுநாள் அது ஒரு விதிவிலக்காகவே பார்க்கப்பட்டது. 2001இல் பல குழுக்கள் ஈ.கோலையின் மரபணுத்தொகுதியில் மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளிகளைத் துழாவி, இத்தகைய சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கூட்டமாக எடுத்துவந்த பிறகே பார்வை மாறியது.

எரிக் மாஸேயும் சூசன் காட்டெஸ்மனும் அடுத்த ஆண்டே விடையைச் சொன்னார்கள். ஃபர் ஒடுக்கும் பட்டியலில் ஆர்ஒய்எச்பி என்ற 90 எழுத்துச் சிறு ஆர்.என்.ஏ.வும் இருக்கிறது. இரும்பு குறையும்போது ஃபர் விலக, இந்த ஆர்.என்.ஏ. பெருகுகிறது. இரும்பைச் செலவழிக்கும் நொதிகளின் தூது ஆர்.என்.ஏ.க்களில் ரைபோசோம் ஒட்டும் இடத்தை இது அடைக்கிறது. ஃபர் ஊக்கி அல்ல, ஒடுக்கியை ஒடுக்குவது. இரும்பு அரிதாகும்போது முக்கியமில்லாத செலவுகளைச் செல் நிறுத்திக்கொள்கிறது.

சங்கிலியின் தலையில் ஃபர் என்ற புரதம் இருக்கத்தான் செய்கிறது. எச்எஃப்க்யூ என்ற இன்னொரு புரதமும் சிறு ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காத்து, இலக்கோடு சேர்த்துவைக்கிறது. புரதமே தேவையில்லை என்று சொன்னால் அது மிகை. அந்த நொதிகளின் மரபணுக்கள்மீது ஃபர் வந்து உட்காருவதில்லை என்பதுதான் சரியான கூற்று.

புரத ஒடுக்கியிடமிருந்து ஆர்ஒய்எச்பி மாறுபடும் இடம் இன்னொன்று உண்டு. இலக்கோடு இணைந்ததும் ஆர்.என்.ஏஸ்-இ என்ற நொதி இரண்டையும் சேர்த்தே சிதைத்துவிடுகிறது. ஒடுக்கிப் புரதம் மீண்டும் மீண்டும் பயன்படும். இந்தச் சிறு ஆர்.என்.ஏ. தன் இலக்கோடு செலவாகிவிடுகிறது. இதன் விளைவை டெரன்ஸ் ஹ்வாவின் குழு 2007இல் அளந்து காட்டியது. தூது ஆர்.என்.ஏ. உற்பத்தி சிறு ஆர்.என்.ஏ. உற்பத்தியைவிடக் குறைவாக இருக்கும்வரை ஏறத்தாழ எதுவும் வெளிப்படாது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு மிச்சமாகும் தூது ஆர்.என்.ஏ.க்கு ஏற்பப் புரதம் கூடும். குறைந்த அளவில் தற்செயலாகக் கசியும் செய்திகளைத் துடைத்தெடுக்க இது நல்ல ஏற்பாடு.

இலக்குகளைக் கண்டுபிடிப்பதுதான் இன்றும் கடினம். இணைவது பல நேரங்களில் ஏழெட்டு எழுத்துகளால் மட்டுமே. அவ்வளவு சிறிய பொருத்தம் மரபணுத்தொகுதியில் தற்செயலாகவே பல இடங்களில் அமைந்துவிடும். கணினி தரும் பட்டியலில் பொய்யானவை நிறைய. 2016இல் ஹனா மார்காலிட்டின் குழு, எச்எஃப்க்யூ புரதத்தின்மேல் ஒன்றாகப் பிடிபட்ட இரு ஆர்.என்.ஏ.க்களை ஒட்டவைத்து வரிசை வாசிக்கும் முறையை வெளியிட்ட பிறகு, ஒரே சோதனையில் நூற்றுக்கணக்கான சோடிகள் கிடைக்கின்றன. ஆனால் அருகருகே பிடிபட்ட சோடி உண்மையில் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகிறதா என்பதற்கு, பிரேக்கர் தண்டுகளில் செய்த அதே சோதனையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. சிறு ஆர்.என்.ஏ.வில் ஓர் எழுத்தை மாற்றிக் கட்டுப்பாட்டைக் கெடுக்க வேண்டும். பிறகு இலக்கில் இணை எழுத்தை மாற்றி, அது திரும்புகிறதா என்று சோடி சோடியாகப் பார்க்க வேண்டும்.