இந்தியாவின் வடகோடியும் தென்கோடியும்

ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்கிய நிலத்தில் மிகக் கூடுதலான வட அட்சரேகை கொண்ட இடம் வடகோடி. மிகக் குறைந்தது தென்கோடி. இந்தியா முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால் இலக்கணம் இவ்வளவு எளிது. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். அட்சரேகையை எப்படி அளப்பது? எதை நாட்டின் நிலம் என்று கொள்வது?

முதல் கேள்விக்கான விடையில் கொங்கு நாட்டுக்குப் பங்குண்டு. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். தென்னிந்தியாவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் தீர்க்கரேகை ஒன்றை அளப்பதும் அவர் திட்டம். அந்த வரிசையில் 1806இல் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்து இன்னோர் அடிக்கோடு அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலியை, வெயிலில் நீளாதபடி மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துத் திருத்தம் போட்டு அளக்கும் வேலை அது. அதன் பிறகு நிலத்தில் சங்கிலி இழுக்கத் தேவையில்லை. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரு குன்றை நோக்கிக் கோணம் எடுத்தால் மற்ற தூரங்கள் கணக்கிலேயே வந்துவிடும்.

தூரம் வேறு, அட்சரேகை வேறு. அட்சரேகைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். தலைக்கு நேர் மேலே கடக்கும் விண்மீன், தூக்குக்குண்டு காட்டும் செங்குத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை இரவுக்கு இரவு அளந்து சராசரி எடுப்பார்கள். கொங்கு நாட்டின் பச்சாபாளையம் நிலையத்துக்கு இப்படிக் கிடைத்தது 10°59′42″. குமரிமுனைக்கு அருகே புன்னை நிலையத்துக்கு 8°9′31″. இடைவெளி 2°50′11″, நிலத்தில் ஏறத்தாழ 314 கி.மீ. வகுத்துப் பார்த்தால் இந்தப் பகுதியில் ஒரு பாகை 110.6 கி.மீ. அளவுக்கு வருகிறது. புன்னையிலிருந்து குமரிக் கரைக்கு இன்னும் ஐந்து கலைக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒன்பது கி.மீ. போனால், விகலையை விட்டுவிட்டு 8°4′ என்று பாடநூல்கள் சொல்லும் முனை வந்துவிடும். ஒரு கலை என்பதே 1.8 கி.மீ. என்பதால், கலையோடு நிறுத்திய எண்ணைக் கொண்டு எந்தப் பாறை தென்கோடி என்று வழக்காட முடியாது.

இம்முறையில் தவறு நுழையும் வாசல் தூக்குக்குண்டு. அருகே மலையோ, நிலத்தடியில் அடர்ந்த பாறையோ இருந்தால் குண்டு அந்தப் பக்கம் இழுபடும், செங்குத்தே சாய்ந்துவிடும். ஒரு விகலை சாய்ந்தால் நிலத்தில் 31 மீட்டர் பிழை. பெங்களூரு அருகே தொட்டகுண்டாவில் எடுத்த அளவு மற்றவற்றோடு ஒத்துப்போகாதபோது லாம்டன் ஐயுற்றது இதைத்தான். தனி ஒரு நிலையத்தில் இது தெரியாது. வரிசையாகப் பல நிலையங்களில் அளந்து, பாகையின் நீளம் சீராக மாறுகிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும்.

இரண்டாம் கேள்விக்கு அளவுக்கருவி உதவாது. தீவுகளைச் சேர்க்காவிட்டால் தென்கோடி குமரிமுனை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. மாநில மறுசீரமைப்பில்தான் தமிழகத்துக்கு வந்தது. தீவுகளைச் சேர்த்தால் தென்கோடி கிரேட் நிக்கோபார் தீவின் இந்திரா முனை. அது குமரியைவிட ஏறத்தாழ 146 கி.மீ. தெற்கே, 6°45′இல் உள்ளது. முன்பு பிக்மேலியன் முனை என்றும் அழைக்கப்பட்ட அந்த இடத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் 1980களில் சூட்டப்பட்டது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தக் கரை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. 1972இல் இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியில் கடல் புகுந்தது. கரை பின்வாங்கினால் கோடியும் வடக்கே நகரும். நிலவரைபடம் உயர் ஓதக் கோட்டைக் கரையாகக் கொள்கிறது. கடல் எல்லைச் சட்டமோ தாழ் ஓதக் கோட்டிலிருந்து அளக்கிறது. இரண்டிலும் விடை சற்று வேறுபடும்.

வடக்கே சிக்கல் கடலால் அல்ல, எல்லையால். இந்தியாவின் நிர்வாகத்தில் உள்ள நிலத்தின் வடகோடி, லடாக்கில் சியாச்சின் பனியாற்றின் தலைப்பில் உள்ள இந்திரா கணவாய், சுமார் 35°40′. இதன் பெயரும் இந்திராதான், ஆனால் பிரதமருக்குத் தொடர்பில்லை. 1912இல் அங்கு போன அமெரிக்க மலையேறி ஃபேனி புல்லக் வொர்க்மன் குழு லட்சுமியின் பெயராக அதை வைத்தது. பாடநூலில் உள்ள 37°6′ வேறு இடம். பாகிஸ்தானின் பிடியிலுள்ள கில்கித் பகுதியையும் இந்தியா தன்னுடையதாகக் கொள்வதால் வரும் எண் அது. குமரியிலிருந்து அதுவரை அளந்ததுதான் 3,214 கி.மீ. என்ற நீளம், கணவாயோடு நிறுத்தினால் ஏறத்தாழ 160 கி.மீ. குறையும்.