ஆமாம் சாமியும் எதிர்ச்சொல்லும்

ஒரு சேவை பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று, ஒரு வாக்கியத்தைக் கொடுத்து "ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பது. மற்றொன்று, இரண்டு எதிர்ச்சொற்களை இரு ஓரத்தில் வைத்து, நடுவில் ஏழு கட்டங்கள் போட்டு, "உங்கள் எண்ணம் எதற்குப் பக்கத்தில்?" என்று கேட்பது. இரண்டும் ஒன்றுதானே, எதில் கேட்டால் என்ன என்று தோன்றும். அப்படியில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி, ஒரே கருவியை அதன் ஆசிரியர்களே சில வருடங்களில் திருத்திய கதை. அதற்கு முன் கொஞ்சம் பின்கதை.

1920களின் கடைசியில் சிகாகோவில் தர்ஸ்டோன் மனப்பான்மையை அளக்க ஒரு முறை கொண்டுவந்தார். தேவாலயம் பற்றிய அவருடைய அளவுகோலுக்கு 130 வாக்கியங்கள். அவற்றை ஆதரவிலிருந்து எதிர்ப்புவரை 11 குவியலாகப் பிரித்துவைக்க 300 பேர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான கணக்கெடுப்பே ஆரம்பம்! 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் அந்த நடுவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாக்கியத்தை நேராகப் பதில் சொல்பவரிடமே கொடு, ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கச் சொல், எண்களைக் கூட்டு. அவ்வளவுதான். மலிவு, வேகம். உலகம் முழுக்கப் பரவியதில் ஆச்சரியமில்லை.

எதிர்ச்சொல் முறை வேறு இடத்திலிருந்து வந்தது. இசையைக் கேட்கும்போது நிறமும் வடிவமும் தோன்றுவது பற்றிய ஆய்வில் இளம் வயதில் வேலை பார்த்தவர் சார்லஸ் ஆஸ்குட். ஒரு புலனின் அனுபவத்தை இன்னொரு புலனின் சொற்களால் சொல்ல முடிகிறதே, அப்படியானால் எந்தப் பொருளையும் 'கனம்–லேசு', 'வேகம்–மந்தம்' போன்ற ஜோடிகளுக்கு நடுவே நிறுத்திப் பார்க்கலாமே என்று யோசித்தார். சூசி, டானன்பாம் இருவருடன் சேர்ந்து 1957இல் இதைப் புத்தகமாக எழுதினார். செமாண்டிக் டிஃபரென்ஷியல் என்ற பெயர் அங்கிருந்துதான் பிரபலமானது. எத்தனை ஜோடிகள் கொடுத்தாலும் பதில்கள் பெரும்பாலும் மூன்று அச்சுகளில் விழுகின்றன என்பது அவர்கள் கண்டது: நல்லதா கெட்டதா, வலிமையா பலவீனமா, சுறுசுறுப்பா மந்தமா. 1961இல் வில்லியம் மிண்டாக் இதைச் சந்தை ஆய்வுக்குப் பொருத்தி எழுதினார். பிராண்டுகளை ஒரே தாளில் கோடுகளாக வரைந்து அருகருகே பார்க்க முடிந்தது. "நல்ல கம்பெனிதான், ஆனா மந்தம்" என்பது அந்தக் கோட்டில் கண்ணுக்கே தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1988இல் பரசுராமன், ஸைதாமல், பெர்ரி மூவரும் சேவைத் தரத்தை அளக்க 'சர்வ்குவால்' என்ற கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அது லிக்கர்ட் குடும்பத்தைச் சேர்ந்தது. 22 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஒப்புதல். வாடிக்கையாளர் அதை இரண்டு முறை நிரப்ப வேண்டும்: நல்ல நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை, இந்த நிறுவனம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை. 22இல் 13 வாக்கியங்கள் நேர்மறை. மீதி 9 எதிர்மறை, அதாவது "இவர்கள் இதைச் செய்வதில்லை" என்ற பாணி. ஏன் அப்படி? எது சொன்னாலும் 'ஆமாம் சாமி' போடுகிறவர்கள் உண்டு என்பது உளவியலாளர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். எதிர்மறை வாக்கியம் கலந்தால் அவர்களின் சாய்வு சமன்படும் என்பது அன்றைய வழக்கமான வைத்தியம்.

ஆனால் அந்த 9 எங்கே இருந்தன என்று பாருங்கள். உடனடியாக உதவுவது பற்றிய 4, வாடிக்கையாளர் மேல் அக்கறை பற்றிய 5. ஐந்து பரிமாணங்களில் இந்த இரண்டு முழுக்க எதிர்மறை. மற்ற மூன்றும் முழுக்க நேர்மறை.

ஒரு கற்பனை மனிதரை வைத்துக் கணக்குப் போடுவோம். சுபாவத்தில் சாது, படிவத்தைக் கொடுத்தால் 22க்கும் 6 போட்டுட்டு போயிடுவார். நேர்மறை வாக்கியங்களில் அவர் மதிப்பெண் 6. எதிர்மறையைத் திருப்பிக் கணக்கிட வேண்டும்: 8 கழித்தல் 6, ஆக 2. அவருடைய அனுபவத் தாளை மட்டும் பார்த்தால் கட்டடம் 6, நம்பகம் 6, உத்தரவாதம் 6. உதவும் வேகம் 2, அக்கறை 2. இப்படிப்பட்டவர்கள் கூட்டத்தில் கொஞ்சம் பேர் இருந்தாலே போதும், சராசரி அந்தப் பக்கம் சரியும். மேலாளர் என்ன முடிவுக்கு வருவார்? "கட்டடம் பிரமாதம், ஊழியர்களுக்குத்தான் அக்கறை இல்லை." கவுன்டரில் நிற்கும் ஊழியருக்குத் திட்டு விழும், வாக்கியத்தில் இருந்த ஒரு 'இல்லை'க்காக.

அதே மனிதர் எதிர்பார்ப்புத் தாளிலும் 6 போட்டிருந்தால் இரண்டின் வித்தியாசம் பூஜ்யமாகி, பிரச்சினை மறைந்துவிடும். அது குணமானதாக ஆகாது. எல்லாப் பரிமாணத்திலும் ஒன்றுமே அளக்கவில்லை என்றுதான் அர்த்தம். 1991இல் ஆசிரியர்களே ஒன்பதையும் நேர்மறையாக மாற்றி எழுதினார்கள். அடுத்த வருடம் பாபாகஸ், போலர் இருவரும் பழைய வடிவத்தை ஆராய்ந்தபோது வாக்கியங்கள் ஐந்து பரிமாணமாகப் பிரியாமல், நேர்மறை ஒரு கூட்டம், எதிர்மறை ஒரு கூட்டம் என்று பிரிவதைக் காட்டினார்கள். ஆனால் எல்லாமே நேர்மறை என்றால் ஆமாம் சாமி 22லும் 6 வாங்கிக்கொண்டு போவார். பழைய வியாதி திரும்ப வந்தாச்சு.

ஜோடி முறையில் இந்தச் சிக்கலின் வேர் இல்லை. 'அக்கறை–அலட்சியம்' என்று இரு ஓரத்தில் இருந்தால் ஆமாம் போட அங்கே ஒரு கூற்றே கிடையாது. சோம்பலாக ஒரே நெடுவரிசையில் கோடு இழுக்கிறவர் இங்கேயும் வருவார். ஆனால் நல்ல சொல்லைச் சில வரிகளில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் மாற்றி வைத்தால், அவர் தாளில் அக்கறையும் மந்தமும் குழப்பமும் நேர்மையும் சேர்ந்தே விழும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

அப்போ எல்லாவற்றுக்கும் ஜோடி போட்டுவிடலாமா? இங்கே சுமை எதிர்ச்சொல் மேல் ஏறுகிறது. தமிழில் படிவம் தயாரிக்கும்போது இதை நன்றாகவே உணரலாம். 'எளிமை' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? செயலி என்றால் சிக்கல். கல்யாணம் என்றால் ஆடம்பரம். 'மலிவு'க்கு எதிரில் 'விலை அதிகம்' என்று போட்டால் மலிவு நல்ல சொல். 'தரமானது' என்று போட்டால் அது வசவு. 'பழமையானது' என்பது அல்வாக் கடைக்குப் பாராட்டு, வங்கி இணையதளத்துக்குக் குறை. பொருளுக்கு ஏற்ப ஜோடியின் அர்த்தம் நகர்கிறது என்பதை ஆஸ்குட்டும் கவனித்திருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு சொல்லை மட்டும் காட்டி, சேவையின் பெயரையும் சொல்லி, ஏழெட்டுப் பேரிடம் எதிர்ச்சொல் கேட்பது. இரண்டு வேறு பதில்கள் வந்தால் அந்த ஜோடியை எடுத்துவிடுங்கள். நடுக்கட்டத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்: 'இரண்டும் இல்லை', 'இரண்டும் உண்டு', 'எனக்குத் தெரியாது' மூன்றும் அங்கேதான் ஒதுங்கும். தெரியாதவருக்குத் தனிக் கட்டம் கொடுப்பது நல்லது.

இன்னொன்று, ஜோடி உணர்வை அளக்கும், செய்தியை அளக்காது. பில்லில் தவறு வந்தால் அன்றே திருத்துகிறார்களா என்பதற்கு எதிர்ச்சொல் தேட முடியாது. அதற்காக ஒப்புதல் வாக்கியத்துக்கும் ஓட வேண்டாம். "கடைசியாகத் தவறு வந்தபோது திருத்த எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டு, அன்றே, மறுநாள், ஒரு வாரம், இன்னும் இல்லை என்று பதில்களைக் கொடுத்தால் போதும். இதற்கும் 'ஆமாம்' சொல்ல முடியாது, பாருங்கள்.