டிரேக் மீம்: வேண்டாம், இதுதான் வேண்டும்

கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ராப் பாடகர் டிரேக், மேலே ஒரு படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் தடுக்கிறார். கீழே இன்னொரு படத்தில் விரலை நீட்டிப் புன்னகைக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் வலப்பக்கத்தில் ஒரு கட்டம். மேல் கட்டத்தில் இருப்பது அவருக்குப் பிடிக்காதது, கீழ்க் கட்டத்தில் இருப்பது பிடித்தது. மீம் உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்ட வார்ப்புகளில் இதுவும் ஒன்று.

படங்கள் ‘ஹாட்லைன் பிளிங்’ பாடலின் காணொளியிலிருந்து வந்தவை. பாடல் 2015 ஜூலையிலும், டைரக்டர் எக்ஸ் இயக்கிய காணொளி அக்டோபரிலும் வெளியாயின. நிறம் மாறும் வெற்று ஒளியறைகளுக்குள் டிரேக் ஆடுவதே காணொளியின் பெரும்பகுதி. அந்த அறைகள் ஒளிக்கலைஞர் ஜேம்ஸ் டரெலின் படைப்புகளை அப்படியே நினைவூட்டின. அவரோ தனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று வேடிக்கையாக ஓர் அறிக்கை விட்டார்.

பின்னணியில் பொருள் எதுவும் இல்லாததால் ஆளை வெட்டி எடுப்பது எளிது. காணொளி வந்த சில நாட்களிலேயே டிரேக்கின் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்தும் வேறு பாட்டுக்கு அவரை ஆடவிட்டும் கேலிகள் கிளம்பின. இரட்டைக் கட்ட மீம் அந்தக் கூத்தின் தொடர்ச்சி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காணொளியில் டிரேக் எதையும் மறுக்கவில்லை, எதையும் ஏற்கவுமில்லை. அவை வெறும் நடன அசைவுகள். ஓடும் ஆட்டத்தை நிறுத்தி, இரு கணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த பிறகே ஒன்றில் சலிப்பும் மற்றதில் மகிழ்ச்சியும் தெரிந்தன. பக்கத்தில் வைக்கும் பொருளே முகத்துக்கு உணர்ச்சி தரும் என்று சோவியத் இயக்குநர் குலெஷோவ் படத்தொகுப்பில் காட்ட முயன்றதும் ஏறக்குறைய இதைத்தான்.

வெறும் விருப்பு வெறுப்பை எழுதினால் சிரிப்பு வராது. மேலே ‘காபி’, கீழே ‘டீ’ என்று போட்டால் அது ஒரு தகவல், அவ்வளவே. மேலே ‘ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுவது’, கீழே ‘ஐந்தரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஏழு அலாரம் வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்குவது’ என்று போட்டால் வேலை செய்கிறது. நியாயமானது ஒதுக்கப்பட்டு அதன் கோணல் வடிவம் பாராட்டப்பட வேண்டும். இரண்டும் ஒரே தேவைக்கான வழிகளாகவும் இருக்க வேண்டும். நிரலாளர்கள் தங்கள் குறுக்குவழிகளைத் தாங்களே கிண்டல் செய்ய இதை விரும்பிப் பயன்படுத்துவது அதனால்தான். வரிசையைத் தலைகீழாக்கினாலோ முடிச்சு முதலிலேயே அவிழ்ந்துவிடும்.

காதலியின் கையைப் பிடித்தபடியே வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் இளைஞனின் படம் 2017இல் பரவியது. ஸ்பெயின் ஒளிப்படக்காரர் அந்தோனியோ கியெம் எடுத்தது. அதுவும் ஒன்றை விட்டு இன்னொன்றை நாடும் கதைதான். ஆனால் அங்கே ஒதுக்கப்பட்டவள் படத்துக்குள்ளேயே நின்று முறைக்கிறாள். ஆகவே துரோகத்தின் வாசனை வந்துவிடுகிறது. டிரேக்கின் கட்டத்தில் ஒதுக்கப்பட்டது காபியோ அலாரமோதான், அதற்கு முறைக்கத் தெரியாது.

டிரேக்கை நீக்கிவிட்டு கார்ட்டூன் பாத்திரத்தையோ பூனையையோ அதே இரு பாவனைகளில் நிறுத்தினாலும் படம் புரிகிறது. தடுக்கும் கையும் நீட்டிய விரலும் இருந்தால் போதும், ஆள் யாரென்று தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாட்டைக் கேட்டே இராதவர்களும் இந்த மீமைச் செய்கிறார்கள்.