மிரட்டல், அவமதிப்பு, அத்துமீறல்: நோக்கத்தின் அளவில் ஓர் ஒப்பீடு

குற்றவியல் மிரட்டல், வேண்டுமென்றே அவமதித்தல், குற்றமுறு அத்துமீறல் ஆகிய மூன்றும் சட்டத்தேர்வு வினாக்களில் பெரும்பாலும் ஒரே சண்டைக்குள் சேர்ந்தே வருகின்றன. வாசலில் வந்து நிற்கும் ஒருவர் திட்டுகிறார், கையை ஓங்குகிறார், பிறகு உள்ளே நுழைகிறார். விடை எழுதுபவர் செயலைப் பார்த்துப் பிரிவைப் போடுகிறார்: கெட்ட வார்த்தைக்கு அவமதிப்பு, வெட்டுவேன் என்றதற்கு மிரட்டல், படி ஏறியதற்கு அத்துமீறல். இந்தப் பிரிப்பு பார்வைக்கு எளிது. பல இடங்களில் தவறு. அத்துமீறலின் வரையறைக்குள்ளேயே மற்ற இரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. பிறர் உடைமையில் உள்ள இடத்தில் குற்றம் செய்யவோ, உடைமையில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ கருதி நுழைவதுதான் குற்றமுறு அத்துமீறல். ஆகவே மூன்றையும் பிரிப்பது வெளியில் தெரியும் செயல் அன்று. செய்தவரின் மனம் எதை நோக்கி இருந்தது, அந்த நோக்கம் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டுமென்று சட்டம் கேட்கிறது என்பவையே பிரிக்கின்றன.

இந்திய தண்டனைச் சட்டத்தில் மிரட்டல் 503, 506 பிரிவுகளிலும், அவமதிப்பு 504இலும், அத்துமீறல் 441 முதலான பிரிவுகளிலும் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 351, 352, 329 ஆகியுள்ளன. சொற்களில் சிறு மாற்றங்கள் உண்டு; குற்றக்கூறுகள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் பயன்படும்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதைப் படிப்படியாக மாற்றிப் பார்க்கலாம். ஒருவர் பக்கத்துத் தெருக்காரருக்கு 50,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். தவணை கடந்துவிட்டது. மாலையில் கடனாளியின் வீட்டுக்கு எதிரே தெருவில் நின்று, “நாளைக்குள் பணம் வரவில்லை என்றால் கோர்ட்டில் கேஸ் போடுவேன்” என்று சத்தம் போடுகிறார். கடனாளி நடுங்கிப்போகிறார். இங்கே மிரட்டல் இல்லை. மிரட்டல் என்றால் ‘கேடு’ செய்வதாகச் சொல்லியிருக்க வேண்டும். கேடு என்பதைச் சட்டம் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் தீங்கு என்று வரையறுக்கிறது. வழக்குப் போடுவது உரிமை. கேட்டவருக்கு எவ்வளவு பயம் வந்தாலும் அது குற்றமாகாது.

அடுத்த மாலை அவரே வந்து, “பணம் வராவிட்டால் காலை வெட்டிவிடுவேன்” என்கிறார். இப்போது கேடு இருக்கிறது. ஆனால் மிரட்டலின் வரையறை இரண்டு வழிகளில் ஒன்றைக் கேட்கிறது. ஒன்று, கேட்பவருக்குத் திகில் உண்டாக்கும் நோக்கம். மற்றது, சட்டப்படி செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்யவைக்கும் நோக்கம், அல்லது செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கும் நோக்கம். தேர்வு விடைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வழியில்தான் போகின்றன: பணம் கேட்டார், மிரட்டினார், எனவே குற்றம் என்று. இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. கடனைத் திருப்பித் தருவது கடனாளியின் சட்டக் கடமை. அதைச் செய்யவைக்க மிரட்டினால், ‘செய்யக் கடமைப்படாத ஒன்று’ என்ற சொற்கள் பொருந்தா. குற்றம் நிற்க வேண்டுமானால் முதல் வழியில், திகில் உண்டாக்கும் நோக்கத்தின் மேல்தான் நிற்க வேண்டும். கடன் பொய்யாகவோ, பாக்கியைவிடக் கூடுதலாகவோ இருந்தால் இரண்டாம் வழி தானாகவே திறந்துகொள்ளும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரமேஷ் சந்திர அரோரா வழக்கு. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படங்களை வெளியிடுவதாகச் சொல்லி அவள் தந்தையிடம் பணம் கேட்டவரின் தண்டனையை நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்த வழக்கு இன்னொரு நுணுக்கத்தையும் காட்டுகிறது. கேடு கேட்பவருக்கே வரவேண்டும் என்பதில்லை. அவர் அக்கறை கொண்ட மற்றொருவருக்கு வந்தாலும் போதும். ஆனால் அங்கே சட்டம் ஒரு கோடு போடுகிறது. கேட்பவரைப் பொறுத்தவரை உடல், நற்பெயர், சொத்து மூன்றுக்கும் காப்பு உண்டு. அக்கறைக்குரிய மற்றவரைப் பொறுத்தவரை உடல், நற்பெயர் இரண்டு மட்டுமே. “உன் மகனின் கையை உடைப்பேன்” என்று தாயிடம் சொன்னால் பிரிவு பொருந்தும். “உன் மகனின் பைக்கைக் கொளுத்துவேன்” என்றால் பைக் மகனுடையது. வரையறையின் சொற்கள் அவ்வளவு தூரம் நீளவில்லை. வினா தயாரிப்பவர்களுக்குப் பிடித்த பொறி இது. சொத்து யாருடையது என்று ஒரு வரியில் நழுவவிட்டிருப்பார்கள்.

சொன்னவர் மெய்யாகவே வெட்டுவாரா என்பது அடுத்த கேள்வி. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கும் மிரட்டலுக்கும் இடைவெளி உண்டு. நோபிள் மோகன்தாஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், மிரட்டல் மெய்யானதாக இருக்க வேண்டும், சொன்னவர் மெய்யாகவே கருதிச் சொல்லாமலும் கேட்டவர் அஞ்சாமலும் இருக்கும் வெறும் சொல் போதாது என்றது. தமிழ்நாட்டுக் கொலை மிரட்டல் வழக்குகளில் எதிர்த்தரப்பு இந்த வரியை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறது. பிரிவின் சொற்களை வைத்துப் பார்த்தால் ஒரு திருத்தம் தேவை. சட்டம் கேட்பது அச்சுறுத்தும் நோக்கம். அச்சம் உண்டாகியே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. கேட்டவர் அஞ்சினாரா என்பதை நோக்கத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்வதே சரி, தனிக் குற்றக்கூறாக அன்று. நெஞ்சுரம் உள்ளவரைப் பார்த்து அரிவாளைக் காட்டினாலும் காட்டியவரின் நோக்கம் அதேதான். இதன் மறுபக்கத்தை மாணிக் தனேஜா வழக்கு (2015) சொல்கிறது. பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதிய கடுஞ்சொற்களில் திகிலூட்டும் நோக்கம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை ரத்து செய்தது.

மூன்றாம் மாலை, கடன் கொடுத்தவர் வெட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. அக்கம்பக்கத்தார் கூடியிருக்கக் கடனாளியின் குடும்பத்துப் பெண்களை இழுத்து மிகக் கேவலமாகத் திட்டுகிறார். அவமதிப்புப் பிரிவில் இங்கே மூன்று கூறுகள் வேண்டும்: வேண்டுமென்றே அவமதித்திருக்க வேண்டும், அதனால் ஆத்திரமூட்டல் உண்டாக வேண்டும், அந்த ஆத்திரம் எதிராளியைப் பொது அமைதியைக் குலைக்கவோ வேறொரு குற்றம் செய்யவோ தூண்டும் என்று கருதியிருக்க வேண்டும், அல்லது தூண்டக்கூடும் என்று அறிந்திருக்க வேண்டும். திட்டினார் என்பது மட்டும் போதாது என்று ஃபியோனா ஸ்ரீகண்டே வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றாம் கூற்றில் வரும் ‘அல்லது’ என்ற சொல்லில்தான் இந்தக் குற்றத்தின் தனித்தன்மை இருக்கிறது. அமைதி குலைய வேண்டும் என்று திட்டியவர் விரும்பியிருக்க வேண்டியதில்லை. குலையக்கூடும் என்று அறிந்திருந்தாலே போதும். கடனாளி கைகட்டி நின்றுவிட்டால் குற்றம் மறைந்துவிடுமா என்றால், மறையாது. அந்தச் சொற்கள் சாதாரண மனிதர் ஒருவரைக் கைநீட்ட வைக்குமா என்பதே அளவுகோல். எதிராளியின் பொறுமை திட்டியவருக்குக் கவசமாகாது.

புகாரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது இங்கே மிக முக்கியம். விக்ரம் ஜோஹர் வழக்கில் (2019) எதிரி ஆட்களோடும் ரிவால்வரோடும் வீட்டுக்கு வந்து கேவலமாகத் திட்டினார், அக்கம்பக்கத்தார் வந்ததும் போய்விட்டார் என்பது குற்றச்சாட்டு. அவமதிப்பு, மிரட்டல் இரண்டின் கூறுகளும் வெளிப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ரிவால்வர் இருந்தும் மிரட்டல் இல்லையா என்று மாணவர் திகைப்பது இயல்பே. ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்ற ஒற்றை வரியை வைத்து, அந்தத் திட்டு யாரை எதற்குத் தூண்டியிருக்கும் என்றோ, எந்தக் கேட்டைச் செய்வதாகச் சொன்னார் என்றோ நீதிமன்றம் ஊகிக்க இயலாது. சொன்ன சொற்களைச் சொன்னபடியே எழுதும் புகார் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது.

நான்காம் மாலை கடன் கொடுத்தவர் தெருவில் நிற்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே கூடத்துக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். “பணம் கைக்கு வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்” என்கிறார். திட்டவில்லை, ஓங்கவில்லை. வெளியே போகச் சொல்லியும் போகவில்லை. குடியிருக்கும் வீடு என்பதால் இது நிரூபணமானால் வீடுபுகு அத்துமீறல். உடலின் ஒரு பகுதி உள்ளே வந்தாலே நுழைவுதான். கேள்வி நுழைவைப் பற்றியது அன்று, நோக்கத்தைப் பற்றியது. வீட்டாருக்குத் தொல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவமதிப்பில் அந்த அறிவு போதுமாக இருந்தது. அத்துமீறலில் போதாது. மத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இதுவே: தொல்லை இயல்பான விளைவு என்று அறிந்து நுழைவது வேறு, தொல்லைப்படுத்தவே நுழைவது வேறு, இரண்டாவது மட்டுமே குற்றம். பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கிலும் (1959), வேலை செய்யாமல் தத்தம் இருக்கையிலேயே அமர்ந்திருந்த ஊழியர்கள் மீது, அதிகாரிகளுக்கு எரிச்சல் வந்திருக்கும் என்பதை வைத்துக் குற்ற நோக்கத்தைச் சுமத்த நீதிமன்றம் மறுத்தது.

அப்படியானால் நாற்காலியில் உட்கார்ந்தவர் தப்பித்துவிடுவாரா? அவர் நோக்கம் பணம், தொல்லை அதன் உடன்விளைவு என்று வாதாடலாம். பல விடைத்தாள்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த வாதம் முழுமையானதன்று. வங்கி ஊழியர்கள் உட்கார்ந்திருந்தது வேலையை நிறுத்த; அதிகாரியின் எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நின்றிருக்கும். கூடத்தில் உட்கார்ந்தவரின் நிலை வேறு. வீட்டார் சங்கடப்படாவிட்டால் அவர் உட்கார்ந்திருப்பதால் ஒரு ரூபாயும் வராது. தொல்லையே பணம் வாங்கும் கருவி. கருவியாகத் தேர்ந்தெடுத்ததை நோக்கம் இல்லை என்று சொல்வது கடினம். முதலில் பேசலாம் என்று வீட்டாரே அழைத்திருந்தால் நுழைவு முறையானது. போகச் சொன்ன பிறகும் தொல்லைப்படுத்தவே தங்கினார் என்றால் அப்போதிலிருந்து குற்றம் தொடங்கும். வரையறை நுழைவதை மட்டுமன்றிச் சட்டவிரோதமாகத் தங்குவதையும் சேர்த்திருப்பது இதற்காகவே. நோக்கத்தை எதை வைத்து அறிவது என்றால், வந்த நேரம், போகச் சொன்னபோது சொன்ன பதில், எத்தனை நேரம் இருந்தார், வேறு வழியில் பணம் கேட்டாரா என்பவற்றை வைத்துத்தான்.

சொந்தக்காரர் என்ற தகுதி இந்தக் குற்றத்தில் உதவாது என்பதும் இதே வரையறையிலிருந்து வருகிறது. காக்கப்படுவது உடைமை, உரிமை அன்று. வாடகைக்கு விட்ட வீட்டின் உரிமையாளர் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனால், குடியிருப்பவர் எரிச்சலடைவார் என்று தெரிந்திருந்தாலும் அது குற்றமாகாது. காலிசெய்ய வைப்பதற்காகப் பாத்திரம் பண்டங்களை வெளியே தூக்கிப் போட உள்ளே போனால் குற்றமாகும். “வெளியே போ, இல்லாவிட்டால் வீட்டோடு கொளுத்திவிடுவேன்” என்றும் சொல்லியிருந்தால் மிரட்டலும் தனியே சேரும். வாடகைதாரர் தங்கியிருக்க உரிமையுள்ளவராதலால், உரிமையுள்ளதைத் தடுக்கும் நோக்கம் என்ற இரண்டாம் வழியும் இங்கே திறந்திருக்கிறது. கொலை, கொடுங்காயம், தீ வைத்தல் போன்றவற்றைச் சொல்லி மிரட்டினால் தண்டனை ஏழு ஆண்டு வரை செல்லும். வீடுபுகு அத்துமீறலுக்கு அதிகபட்சம் ஓர் ஆண்டு. இரண்டின் கூறுகளும் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றில் கரைந்துபோவதில்லை. விடையில் இரண்டையும் தனித்தனியே நிறுவ வேண்டும்.