ஜனாஸா: குளிப்பாட்டுதல், கஃபன், தொழுகை

முஸ்லிம் ஒருவர் இறந்தபின் உயிரோடிருப்பவர்கள் செய்ய வேண்டியவை நான்கு: குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸா தொழுகை, நல்லடக்கம். இவை ஃபர்ளு கிஃபாயா என்னும் கூட்டுக் கடமைகள். ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோருடைய பொறுப்பும் தீர்ந்துவிடும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றம் சுமக்கும். உற்றார் இல்லாத மய்யித்தையும் ஜமாஅத் எடுத்து அடக்குவது இதனால்தான்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபி வழியினர். காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் ஷாஃபி வழியினர். கடமைகள் ஒன்றே என்றாலும் செய்முறையில் சில வேறுபாடுகள் உண்டு. இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ஹனஃபி முறை.

குளிப்பாட்டுவதற்கு மறைப்புக் கட்டி, மய்யித்தைப் பலகையில் கிடத்துவார்கள். ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுவர். இறந்த கணவனை மனைவி குளிப்பாட்டலாம். மனைவியைக் கணவன் குளிப்பாட்டலாகாது என்பது ஹனஃபி சட்டம், ஷாஃபியில் அதற்கும் அனுமதி உண்டு. தொப்புள் முதல் முழங்கால்வரை துணியால் மூடியே இருக்க வேண்டும். கழுவுகிறவர் கையில் துணி சுற்றிக்கொண்டு அந்த மூடிய துணிக்கு அடியில்தான் சுத்தம் செய்வார். பிறகு ஒளு செய்விப்பார்கள். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைப்பார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெதுவெதுப்பான நீரை, முதலில் இடப்பக்கம் சாய்த்து வலப்பக்கத்திலும், அடுத்து வலப்பக்கம் சாய்த்து இடப்பக்கத்திலும் ஊற்றுவார்கள். அதன்பின் சற்றே நிமிர்த்தி உட்காரவைத்து வயிற்றை மெல்லத் தடவுவார்கள். ஏதேனும் வெளியேறினால் அந்த இடத்தை மட்டும் கழுவினால் போதும், குளிப்பை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. வயிற்றை அவசரத்தில் அழுத்திவிடுவதுதான் இங்கே அடிக்கடி நேரும் பிழை. நபிகள் நாயகம் தம் மகளின் உடலைக் கழுவிய பெண்களுக்குச் சொன்னதுபோல் மூன்று, ஐந்து என ஒற்றைப்படையாக ஊற்றி, கடைசி நீரில் கற்பூரம் கலப்பார்கள். துவட்டிய பின், ஸுஜூதில் தரையைத் தொட்ட நெற்றி, மூக்கு, உள்ளங்கைகள், முழங்கால்கள், பாதங்களில் கற்பூரம் தடவுவார்கள். வாழ்நாளெல்லாம் தொழுத தடத்தைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்ப்பது போன்ற செயல் அது.

கஃபன் ஆணுக்கு மூன்று துணி: கழுத்திலிருந்து பாதம்வரை கையில்லாத கமீஸ், தலைமுதல் கால்வரை இஸார், எல்லாவற்றையும் சுற்றி இரு முனையிலும் முடிச்சிட நீளம் விட்ட லிஃபாஃபா. பெண்ணுக்குத் தலைத்துணியும் மார்புத்துணியும் சேர்த்து ஐந்து. வெள்ளைப் பருத்தி சிறப்பு. பட்டு ஆணுக்கு ஆகாது. தோலின் நிறம் தெரியாத அடர்த்தி வேண்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி வெள்ளைப் பருத்திதான்; ஆனாலும் கண் பெரிதான அந்த நெசவு கஃபனுக்கு உதவாது.

தொழுகைக்குச் சந்தூக்கைக் கிப்லா திசையில் முன்னால் வைத்து, இமாம் மய்யித்தின் நெஞ்சுக்கு நேரே நிற்பார். ருகூவும் ஸுஜூதும் இல்லாத தொழுகை இது. நான்கு தக்பீர்: முதலாவதற்குப் பின் இறைத்துதி, இரண்டாவதற்குப் பின் ஸலவாத், மூன்றாவதற்குப் பின் இறந்தவருக்கான துஆ, நான்காவதற்குப் பின் ஸலாம். தொழுகைக்கு முன், இவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள் என்று குடும்பத்தார் அறிவிப்பார்கள். கடனாளிக்குத் தொழவைக்க நபிகள் நாயகம் தயங்கியதை நினைத்தே இவ்வழக்கம்.

அடக்கத்தில் இத்தனை விரைவு ஏன்? நல்லவரென்றால் நன்மையை நோக்கி விரைவாய்க் கொண்டுசேர்க்கிறீர்கள், இல்லையென்றால் ஒரு சுமையைத் தோளிலிருந்து இறக்குகிறீர்கள் என்பது நபிமொழியின் கருத்து. உடலைப் பதப்படுத்தும் வழக்கம் இல்லாததும், நம் வெயிலும் சேர்ந்து இந்த விதியை நடைமுறையாக்கின. இரவு பத்து மணிக்கு மவுத்தானால் காலையில் குளிப்பாட்டி, லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்துவிடும். ஆனால் விரைவென்பது எதையும் விட்டுவிடும் அவசரமல்ல. திங்களன்று மறைந்த நபிகளாரே, மக்கள் குழுகுழுவாய் வந்து தொழுது முடிக்க, மறுநாள் இரவுதான் அடக்கப்பட்டார்.

விபத்து மரணமென்றால் பிணக்கூறாய்வுக்குக் காத்திருக்க வேண்டும். மாலைக்குப் பின் ஆய்வு இல்லை என்ற பழைய வழக்கத்தால் ஓர் இரவு வீணாகி வந்தது. வசதியுள்ள மருத்துவமனைகள் இரவிலும் செய்யலாம் என்று ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணங்கள் பொதுவாக அதில் அடங்கா. ஆய்வு முடிந்து வரும் உடலில் தையல் கசிந்தால் பஞ்சு வைத்துக் கட்டிய பின்பே கஃபனிட வேண்டும்.

குளிப்பாட்டவே முடியாத நிலையில் தயம்மும் போதும். கோவிட் காலத்தில் இந்திய அரசு தொற்றில் இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டத் தடை விதித்தது, அடக்கத்தைத் தடுக்கவில்லை. இலங்கையோ 2020 ஏப்ரலில் எரியூட்டலைக் கட்டாயமாக்கியது. அடக்கம் பாதுகாப்பானதே என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு செவியேறவில்லை. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டபின், அந்த டிசம்பரில் கொழும்பு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அவை கஃபனின் அடையாளம். 2021 பிப்ரவரியில் தடை நீங்கி, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது.